புகையிலையைக் கைவிட உதவும் ஊக்க உரையாடல்: ஆத்தங்குடித் தொழிலாளியுடன் ஒரு மாதிரி ஆலோசனை

புகையிலை கெடுதல் என்பது அதைப் போடுகிறவருக்கு ஏற்கெனவே தெரியும். பொட்டலத்திலேயே எச்சரிக்கைப் படம் இருக்கிறது. நாமும் அதையே சொன்னால் தலையாட்டிவிட்டு எழுந்து போய்விடுவார். விட வேண்டும் என்ற ஆசையும் முடியாது என்ற எண்ணமும் அவர் மனதில் சேர்ந்தே இருக்கின்றன. நாம் ஒரு பக்கம் பேசினால் அவர் மறுபக்கம் பேசுவார். அதனால் விடுவதற்கான காரணம் அவர் வாயிலிருந்தே வர வேண்டும். ஊக்க உரையாடல், அதாவது மோட்டிவேஷனல் இன்டர்வியூயிங் முறையின் அடிப்படை இதுதான். வில்லியம் மில்லர் 1983-இல் குடிப்பழக்கச் சிகிச்சைக்காக இதை எழுதினார். பிறகு ஸ்டீபன் ரோல்னிக்குடன் சேர்ந்து விரிவுபடுத்தினார்.

இந்த மாதிரியில் வருபவர் ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைத் தொழிலாளி. வயது 48. வெற்றிலை பாக்கோடு புகையிலை போடுகிறார். அவரோடு பேசுவது ஆலோசனை பழகும் ஒரு மாணவி.

மாணவி: ஐயா, புகையிலை போடுறதுல உங்களுக்கு என்ன பிடிச்சிருக்கு?

தொழிலாளி: வேலைல ஒக்காந்தா அசதி தெரியாது தாயி.

மாணவி: வேலைக்கு அது துணையா இருக்கு. பிடிக்காதது ஏதாவது?

தொழிலாளி: இப்பல்லாம் காரம் பட்டா வாய் எரியுது. வீட்ல கோழிக் குழம்பு வச்சா எனக்கு மட்டும் தயிர்ச்சோறு.

மாணவி: எல்லாரும் சேர்ந்து சாப்பிடுறப்ப நீங்க மட்டும் தனியாயிடுறீங்க.

தொழிலாளி: ஆமா. மக பாத்துக்கிட்டே இருக்கும், ஒண்ணும் சொல்லாது.

மாணவி: விடுறது எவ்வளவு முக்கியம்னு 0-லேருந்து 10-க்குள்ள சொன்னா?

தொழிலாளி: ஆறு போடலாம்.

மாணவி: மூணுன்னு சொல்லாம ஆறு சொன்னீங்களே, ஏன்?

தொழிலாளி: இப்படியே போனா சோறே எறங்காதோன்னு பயம்தான்.

மாணவி: சரி, முடியும்ங்கிற நம்பிக்கை எவ்வளவு?

தொழிலாளி: மூணு. பழனிக்கு மாலை போட்டு நடந்தப்ப மட்டும் தொடவே இல்ல.

மாணவி: அவ்வளவு தூரம் நடந்த அசதியிலயும் அது இல்லாம இருந்திருக்கீங்க!

எண்ணைக் கேட்ட பிறகு வரும் கேள்விதான் இதில் உயிர். "ஏன் பத்து இல்லை?" என்று கேட்டிருந்தால், விட முடியாததற்கான காரணங்களை அவரே அடுக்கியிருப்பார். குறைந்த எண்ணோடு ஒப்பிட்டுக் கேட்டதால் தன் பயத்தைத் தானே சொன்னார். பழனி நடையும் நாம் தேடிப் பிடித்த உதாரணம் இல்லை, அவர் சொன்னது. அதை அப்படியே எடுத்துப் பாராட்டினால் நம்புவார்.

தகவல் சொல்வதற்கு முன்பு "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லட்டுமா?" என்று அனுமதி கேட்க வேண்டும். சொல்ல வேண்டியது அதிகம் இல்லை. நிறுத்திய முதல் சில நாட்கள்தான் கடினம்; எரிச்சலும் ஏக்கமும் இரண்டு முதல் நான்கு வாரங்களில் பெரும்பாலும் தணியும். மருத்துவர் ஆலோசனையோடு நிகோடின் சூயிங்கம் பயன்படுத்தலாம். புகையிலையை விட்டுப் பாக்கை மட்டும் தொடர்வதும் ஆபத்து, பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும். 1800-112-356 என்ற இலவச எண்ணில் தேசிய ஆலோசனை கிடைக்கும். சொல்லி முடித்ததும், "இதைக் கேட்டா என்ன தோணுது?" என்று அவரிடமே திருப்பிக் கேட்க வேண்டும்.

காரம் பட்டால் வாய் எரிவதை மட்டும் தள்ளிப்போடக் கூடாது. அவர் விடத் தயாரோ இல்லையோ, இந்த வாரமே அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் வாயைக் காட்டச் சொல்ல வேண்டும். நிறுத்தும் நாளை இன்று அவர் சொல்லாவிட்டால் வற்புறுத்த வேண்டாம். அடுத்த வாரம் பட்டறைக்கு வந்து பேசலாமா என்று கேட்டால் போதும்.