ஃப்ளாஸ்க் மூடி அளவு

எஞ்சின் நின்றது நடுராத்திரி தாண்டி. வலையை ஏற்றிவிட்டுக் கரைக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். ஓடும்போது எஞ்சினின் பின்பக்கம் விரல் தடிமனில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். உள்ளே போய்ச் சூட்டைத் தணித்துவிட்டு வெளியே வரும் தண்ணீர் அது. பகலாக இருந்தால் அது நின்றதும் கண்ணில் பட்டிருக்கும். இருட்டில் நாங்கள் கவனிக்கவில்லை. முதலில் கருகல் வாடை, அப்புறம் ஒரு இழுப்பு, அப்புறம் சத்தமே இல்லை.

மாமா எஞ்சினைத் தூக்கிப் பார்த்தார். தண்ணீர் இழுக்கும் துளைகளில் ஒரு பிளாஸ்டிக் தாள் அப்பிக்கிடந்தது. அதைப் பிய்த்து எறிந்துவிட்டு ஆறவிட்டோம். ஒரு மணி நேரம் கழித்துக் கயிற்றை இழுத்தேன். அசையவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து இழுத்தோம். கை தோல் உரிந்ததுதான் மிச்சம். பிஸ்டன் உள்ளே இறுகிப்போயிருந்தது. கரையில் ஒர்க்‌ஷாப்பில் வைத்துப் பிரிக்க வேண்டிய வேலை அது.

விடிந்ததும் நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்லியாக வேண்டும். மாமா எஞ்சின் மேல் குனிந்திருந்தார். தினமும் காலையில் செய்வதுபோல ஐஸ் பெட்டியின் தக்கையைப் பிடுங்கி, உருகிய தண்ணீரைக் கடலில் திறந்து விட்டேன். தண்ணீரில் ஊறினால் மீன் கெட்டுப்போகும் என்று பழகிய கை. பத்துப் பன்னிரண்டு லிட்டர் இருந்திருக்கும். மீன் வாடையடிக்கும், ரத்தம் கலந்த தண்ணீர்தான், ஆனாலும் உப்பில்லாத தண்ணீர். கடைசிச் சொட்டு விழுந்தபோதுதான் உறைத்தது. திரும்பிப் பார்த்தேன். மாமா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. மறுபடி எஞ்சின் பக்கம் குனிந்துகொண்டார்.

கேனில் மூன்று லிட்டர் இருந்தது. இரண்டு பாக்கெட் பிஸ்கட், ஒரு டார்ச், சிக்னல் இல்லாத இரண்டு செல்போன், ஒரு தார்ப்பாய், ஒரு கத்தி. போகிற வேலை இரண்டு ராத்திரிக்குத்தான் என்பதால் அதற்கு மேல் எதுவும் எடுத்து வந்திருக்கவில்லை.

"இன்னிக்குப் பூரா ஒரு சொட்டு கிடையாது, மாப்ளே. நேத்து குடிச்சது உடம்புல இருக்கு. இப்பக் குடிச்சா ஒண்ணுக்காப் போயிடும்" என்றார் மாமா.

டீ ஃப்ளாஸ்க்கின் மூடியை எடுத்துக் கேனுக்குப் பக்கத்தில் கட்டி வைத்தார். அதில் நூறு மில்லி பிடிக்கும். நாளையிலிருந்து காலையில் ஒன்று, உச்சி சாய்ந்ததும் ஒன்று, இருட்டியதும் ஒன்று. ஆளுக்கு மூன்று மூடி. ஊற்றுவது நான், முதல் சுற்றில் முதலில் குடிப்பது அவர் என்று வைத்துக்கொண்டோம். அடுத்த சுற்றில் நான் முதலில். கேனின் வெளிப்புறத்தில் கத்தியால் கோடு கீறினார். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் பார்ப்போம். இரண்டு பேர் மட்டும் இருக்கும் படகில் சந்தேகம் வந்துவிட்டால் தாகத்தை விட அது சீக்கிரம் கொல்லும். மாமாவுக்கு அது தெரிந்திருந்தது.

அடுத்து வலை. பாதி வலையைச் சுருட்டிக் கல்லோடு கட்டிப் படகின் முன்முனையான அணியத்திலிருந்து கடலில் இறக்கினோம். அது நீருக்குள் பாரமாகத் தொங்கிக்கொண்டு படகை மெதுவாக்கும், அலைக்கு நேராகத் தலையைத் திருப்பி வைக்கும். எனக்கோ தார்ப்பாயைப் பாயாகக் கட்டிக் கரையைப் பார்த்துப் போய்விடலாம் என்று ஆசை.

"நம்மளத் தேடுறவங்க நாம இருந்த இடத்தைச் சுத்தித்தான் தேடுவாங்க. எவ்வளவு தூரம் விலகிப் போறோமோ அவ்வளவு கஷ்டம் அவங்களுக்கு" என்றார். எதிர்த்துப் பேச என்னிடம் ஒன்றுமில்லை.

முதல் மூன்று நாளும் ஏறக்குறைய ஒரே மாதிரிப் போயின. தார்ப்பாயைக் குறுக்கே கட்டி நிழல் செய்தோம். சட்டையைக் கடலில் நனைத்து உடம்பில் போட்டுக்கொண்டோம். வேர்வை குறையும், உடம்பின் தண்ணீர் உள்ளேயே தங்கும். சாயங்காலம் ஆகும் முன்பே கழற்றிக் காயவைத்துவிடுவோம், இல்லையென்றால் ராத்திரி நடுக்கிவிடும். பெட்டியில் இருந்த மீனெல்லாம் நாறியது. மூன்றாம் நாள் கொட்டினோம். கொட்டுவதற்கு முன்பே பசித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் மாமா தொட விடவில்லை. மீனைச் செரிக்க உடம்பு தண்ணீர் கேட்கும், தண்ணீர் இல்லாதபோது தின்னாமல் இருப்பதே மேல் என்றார். பிஸ்கட்டையும் அரை அரையாகத்தான் கடித்தோம்.

நாலாம் நாள் ராத்திரி ஒரு கப்பல் வந்தது. விளக்கு வரிசை நன்றாகத் தெரிந்தது. பழைய துணியை எஞ்சின் எண்ணெயில் முக்கித் தகரத்தில் போட்டுக் கொளுத்தினோம். டார்ச்சை அணைத்து அணைத்துக் காட்டினேன். கத்தினேன். கப்பல் அதன் பாட்டுக்குப் போனது. விளக்குகள் ஒவ்வொன்றாக மறைந்த பிறகும் நான் டார்ச்சை நிறுத்தவில்லை. மாமாதான் வாங்கி அணைத்தார். "பேட்டரி வேணும், மாப்ளே."

அன்று நான் அழுதேன். கண்ணீர் வரவில்லை, விக்கல்தான் வந்தது.

அப்போதுதான் மாமா பூன் லிம் கதையைச் சொன்னார். வாலிபத்தில் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தபோது கேட்டதாம். சீனாக்காரன், கப்பலில் பணியாள். 1942-இல் யுத்தத்தில் அவன் கப்பலை அட்லாண்டிக்கில் மூழ்கடித்துவிட்டார்கள். ஒரு மிதவையில் தனியாளாக 133 நாள் இருந்தான். உயிர்காப்பு ஜாக்கெட்டின் கான்வாஸ் துணியை விரித்து மழை பிடித்துக் குடித்தான்.

"நூத்தி முப்பத்து மூணு நாள்டா. தனியா. கடைசில அவனைத் தூக்கினது யாரு தெரியுமா? பிரேசில் பக்கத்துல மீன் பிடிக்கப் போனவங்க. நம்மள மாதிரி ஆளுங்க."

நாங்கள் இரண்டு பேர், நாலாவது நாள். அந்தக் கணக்கு எனக்குள் எதையோ நிமிர்த்தியது. அதற்குப் பிறகு விடியும்போதெல்லாம் நாளை எண்ணிச் சத்தமாகச் சொல்வதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் ஆளுக்கு இரண்டு மூடியாகக் குறைத்தோம். நாக்கு தடித்து மரக்கட்டைபோல வாயில் கிடந்தது. எச்சில் ஊறவே இல்லை. மூடியில் ஊற்றிய தண்ணீரை நான் உடனே விழுங்க மாட்டேன். முதலில் உதட்டை நனைப்பேன். அப்புறம் வாயில் வைத்து நாக்குக்கு அடியில், கன்னத்துக்குள், பல்லிடுக்கில் எல்லாம் ஓடவிட்டு, அது உடம்புச் சூட்டுக்கு வந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவேன். மூடியின் மரையில் ஒரு சொட்டு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதை விரலால் வழித்து நக்குவது அந்தந்த ஆளின் பங்கு.

அன்று உச்சி வெயிலில் என் கை தானாகக் கடலுக்குள் போனது. குளிர்ந்த தண்ணீர், கண்ணாடிபோல இருந்தது. உள்ளங்கையில் அள்ளி வாய்க்குக் கொண்டுவந்துவிட்டேன். மாமா பாய்ந்து மணிக்கட்டைத் தட்டிவிட்டார். அந்தச் சக்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

"ஒரு லிட்டர் கடல்தண்ணில முப்பத்தஞ்சு கிராம் உப்பு. அதை வெளியேத்த நீ குடிச்சதுக்கு மேல தண்ணியை உடம்பு செலவழிக்கும். குடிக்கக் குடிக்கக் காய்ஞ்சு போவே. அப்புறம் புத்தி பேதலிக்கும். புத்தி போனவன் கடல்ல இறங்கி நடந்து போயிடுவான்."

அன்று சாயங்காலம் என்னால் அடக்க முடியவில்லை. "ஐஸ் தண்ணியை நான்தான் மாமா திறந்து விட்டேன்" என்றேன்.

"பாத்தேன்."

"ஏன் ஒண்ணும் சொல்லல?"

அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார். "சொன்னா திரும்பி வருமா? உன் தெம்பும் போயிருக்கும். அது எனக்கும் சேர்ந்த தெம்பு."

ஏழாம் நாள் காலையில் ஆளுக்கு ஒரு மூடி குடித்தோம். கேனில் மிச்சம் இரண்டு மூடி. அதை ராத்திரிக்கு வைத்தோம். இருட்டிய பிறகும் எடுக்க மனம் வரவில்லை. கேன் காலியாகிவிட்டால் எண்ணுவதற்கு ஒன்றும் இருக்காது என்று இரண்டு பேருக்கும் பயம்.

மழை விடியலுக்கு முன்னால் வந்தது. முதலில் காற்று குளிர்ந்தது, அப்புறம் தார்ப்பாயில் டப் டப்பென்று சத்தம். நான் தார்ப்பாயின் குழியில் வாயை வைத்துவிட்டேன். உப்பு! ஏழு நாள் தெறித்த அலையெல்லாம் அதில் காய்ந்து வெள்ளையாகப் படிந்திருந்தது.

"கழுவ விடு! முதல்ல கழுவ விடு!" என்று மாமா கத்தினார்.

கையில் கிடைத்த நல்ல தண்ணீரை வேண்டுமென்றே கொட்டினோம். ஒரு தடவை, இரண்டு தடவை. மழை அதற்குள் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மூன்றாவது தடவை நாக்கில் வைத்துப் பார்த்தேன். தித்தித்தது. மழை அரை மணி நேரம் நின்று பெய்தது. கேன் நிறைந்தது, ஐஸ் பெட்டியின் தக்கையை இறுக்கி அதிலும் ஒரு சாண் பிடித்தோம். வயிறு முட்டக் குடிக்க நினைத்தேன்; நாலு மூடிக்குள் வாந்தி வந்தது. மறுபடி மெதுவாக, மூடி மூடியாகக் குடித்தோம்.

தண்ணீர் வந்ததும் சாப்பாட்டையும் நினைக்க முடிந்தது. மறுநாள் ராத்திரி படகுக்குள் துள்ளி விழுந்த கோலா மீன் இரண்டைக் கீறிப் பச்சையாக மென்றோம். ருசியைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை, உடம்பு வாங்கிக்கொண்டது.

பத்தாம் நாள் முற்பகலில் தூரத்தில் ஒரு விசைப்படகு தெரிந்தது. மாமா எவர்சில்வர் தட்டைச் சட்டையால் தேய்த்து வைத்திருந்தார். ஒரு கையை நீட்டி இரண்டு விரலுக்கு நடுவே அந்தப் படகை வைத்துக்கொண்டு, வெயில் அந்த விரல்களில் விழும்படி தட்டைச் சாய்த்துச் சாய்த்து ஆட்டினார். நான் தார்ப்பாயைப் பிடித்து வீசினேன். படகு நேராகப் போய்க்கொண்டே இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. திடீரென்று அதன் பக்கவாட்டு மறைந்து அணியம் மட்டும் தெரிந்தது. எங்களை நோக்கித் திரும்பிவிட்டது.

மாமா அதன் பிறகும் தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தார். நான்தான் வாங்கிக் கீழே வைத்தேன்.

கரைக்கு வந்து மூன்று மாதம் கழித்து, வேறு எஞ்சின் மாட்டி மறுபடி கடலுக்குப் போனோம். இப்போது இரண்டு கேன், ஒரு வயர்லெஸ், ஒரு கண்ணாடி எல்லாம் இருக்கிறது. முதல் நாள் காலையில் ஐஸ் பெட்டிப் பக்கம் போனேன். தக்கையில் கை வைத்தவன் அப்படியே நின்றேன். அப்புறம் ஒரு வாளியைக் கொண்டுவந்து கீழே வைத்து, உருகிய தண்ணீரை அதில் பிடித்தேன். படகு ஆடியதில் வாளி சரிந்தது. மாமா எழுந்து வந்து, ஒன்றும் பேசாமல், அது நகராதபடி காலால் அணைகொடுத்து நின்றார்.