இட்லி மாவு புகார்: உணவு பாதுகாப்புத் துறை அறிவிப்புக்குப் பதில்

அனுப்புநர்:
நிர்வாகப் பங்குதாரர்,
ஈர மாவு தயாரிப்புப் பிரிவு,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
நியமன அலுவலர்,
உணவு பாதுகாப்புத் துறை,
கோயம்புத்தூர் மாவட்டம்.

நாள்: 19.05.2025

பொருள்: ஒரு கிலோ இட்லி, தோசை மாவு பாக்கெட் (பேட்ச் பி-214) குறித்த புகார் – விளக்கம் அளித்தல்.

பார்வை: தங்கள் அறிவிப்பு ந.க.எண் 417/2025, நாள் 12.05.2025.

ஐயா,

அறிவிப்பு 13ஆம் தேதி கிடைத்தது. அதில் உள்ள ஐந்து கேள்விகளுக்கும் அதே வரிசையில் பதில் தருகிறோம்.

1. பாக்கெட் உப்பி, புகார்தாரர் வீட்டு அடுக்களையில் வெடித்தது. மாவு கடும் புளிப்பு.

இது நடந்தது உண்மை என்றே ஏற்றுக்கொள்கிறோம். புகார்தாரர் அனுப்பிய படத்தில் பாக்கெட்டின் மேல் ஓரம் பிரிந்திருப்பது தெளிவாகத் தெரிகிறது.

எங்கள் மாவு சூடாக்கிப் பதப்படுத்தப்படுவதில்லை. அரைத்த பிறகும் அதிலுள்ள நுண்ணுயிர்கள் வேலை செய்துகொண்டே இருக்கும். குளிர் அவற்றின் வேகத்தைத்தான் குறைக்கும். குளிர் விட்டால் மாவு பொங்கும், கரியமில வாயு சேரும், பாக்கெட் உப்பும். 25.04.2025 அன்று தயாரித்த இந்த பேட்ச்சில் எங்கள் குளிர் அறையில் வைத்திருந்த இரண்டு மாதிரிகளும் கடைசி நாளான 01.05.2025 வரை உப்பவில்லை. ஆகவே கோளாறு ஆலையை விட்டு வெளியேறிய பிறகு நேர்ந்திருக்க வேண்டும்.

மாவு விற்ற கடைக்கு 14ஆம் தேதி நேரில் போனோம். மின்கட்டணம் கருதி இரவு பத்து மணிக்கு மேல் ஃப்ரிட்ஜை அணைத்துவிடுவதாகக் கடைக்காரர் மறைக்காமல் சொன்னார். காலை ஆறரைக்கு எங்கள் தெர்மாமீட்டர் உள்ளே 17 டிகிரி காட்டியது.

பழியைக் கடைக்காரர் மேல் போட்டுவிட்டு நாங்கள் ஒதுங்கிக்கொள்ள முடியாது. சரக்கு இறக்கும்போது கடை ஃப்ரிட்ஜின் வெப்பநிலையைப் பார்த்து எழுத வேண்டியது எங்கள் விநியோக ஊழியரின் வேலை. அந்தப் பதிவேட்டைப் புரட்டினால், ஏப்ரல் மாதம் முழுக்க ‘4’, ‘4’, ‘4’ என்று ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் எழுதியது போல இருக்கிறது. யாரும் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்க்கவில்லை. அதைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டவர் எங்கள் மேற்பார்வையாளர். பதிவேட்டின் நகல் இணைப்பு 1.

இப்போது அந்தக் கடைக்குச் சரக்கு நிறுத்தப்பட்டுள்ளது. மற்ற 63 கடைகளிலும் வெப்பநிலையை எழுதினால் மட்டும் போதாது, தெர்மாமீட்டரைப் படமெடுத்து அனுப்ப வேண்டும் என்று மாற்றியிருக்கிறோம். வாயு வெளியேறும் வால்வு வைத்த பாக்கெட் 01.07.2025 முதல் வரும். கையிருப்பில் உள்ள பழைய உறைகளை அதுவரை பயன்படுத்த அனுமதி கோருகிறோம்.

2. தேதி அழிந்திருந்தது.

சரிதான். ஈரம் பட்ட உறையில் மை ஒட்டாமல் வழிந்திருக்கிறது. இப்போது உறையில் மாவு நிரப்புவதற்கு முன்பே, உலர்ந்த நிலையில் தேதி அச்சிடுகிறோம். மாதிரி உறை இணைப்பு 2.

3. எடை 962 கிராம்.

இது சட்டமுறை எடையளவுப் பிரிவு பார்க்க வேண்டிய விஷயம் என்றாலும் பதில் சொல்லிவிடுகிறோம். ஒரு கிலோ பாக்கெட்டுக்கு விதிகள் அனுமதிக்கும் பிழை 15 கிராம். புகாரில் சொல்லப்படுவது 38. வெடித்தபோது மாவு சிந்தியதாகப் புகாரிலேயே உள்ளது, எடை போட்டது அதற்குப் பிறகு. ஆகவே குறைந்த எடை எங்களுடையது என்று ஏற்க இயலவில்லை. அன்றைய நிரப்பு இயந்திரப் பதிவில் மணிக்கு ஐந்து பாக்கெட் வீதம் எடுத்துப் பார்த்ததில் மிகக் குறைவானது 994 கிராம் (இணைப்பு 3).

4. ‘சோடா உப்பு சேர்க்காதது’ என்பது பொய்.

மறுக்கிறோம். புழுங்கலரிசி, உளுந்து, வெந்தயம், உப்பு, தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்ப்பதில்லை. சோடா உப்பு புளிப்பை அடக்கும் பொருள். கடும் புளிப்பு என்ற புகாரோடு அது சேரவில்லை. இருந்தாலும் எங்கள் வாதத்தை மட்டும் நம்பச் சொல்லவில்லை. எந்த நாளும் முன்னறிவிப்பு இல்லாமல் வந்து மாதிரி எடுத்துக்கொள்ளலாம்.

5. வாடிக்கையாளர் எண்ணை யாரும் எடுக்கவில்லை.

மே 1 விடுமுறை. அன்று மூன்று அழைப்புகள் வந்து அடித்து ஓய்ந்திருக்கின்றன. மறுநாள் திரும்ப அழைக்காதது எங்கள் தவறு. அவர் அடுத்து உங்களிடம்தான் வந்தார், அதில் வியப்பில்லை. இனி விடுமுறை நாளிலும் ஒருவர் அந்தப் போனைக் கையில் வைத்திருப்பார்.

புகார்தாரரிடம் 15ஆம் தேதி பேசி வருத்தம் தெரிவித்தோம். பாக்கெட் விலை 65 ரூபாயைத் திருப்பித் தந்தோம். புகாரைத் திரும்பப் பெறும்படி கேட்கவில்லை, கேட்கவும் மாட்டோம்.

நேரில் விளக்கம் தேவைப்பட்டால் மேற்பார்வையாளரை அசல் பதிவேட்டுடன் அழைத்து வருகிறோம்.

இங்ஙனம்,
நிர்வாகப் பங்குதாரர்