அம்மாவின் நீண்ட பேச்சு

அரையாண்டு விடுமுறையின் முதல் நாளான டிசம்பர் 24 அன்று காலையில் என் கைபேசியை அணைத்து, பீரோவில் வேட்டிகளுக்கு அடியில் வைத்தேன். அவசரமென்றால் என் மனைவியின் எண்ணுக்கு அழைக்குமாறு தலைமையாசிரியரிடம் முன்பே சொல்லியிருந்தேன். ஏழு நாள் வாட்ஸ்அப்பும் முகநூலும் இல்லாமல் இருந்து பார்ப்பது என்பதைத் தவிர வேறு திட்டம் எதுவும் என்னிடம் இல்லை.

முதல் இரண்டு நாள்களும் கை அடிக்கடி சட்டைப் பைக்குப் போனது. மயிலாடுதுறைப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தபோது, பையில் இல்லாத கைபேசி அதிர்வதாகக்கூட உணர்ந்தேன். காய்கறிக் கடையில் பணமாகக் கொடுத்துச் சில்லறைக்குத் திண்டாடியது சிறு தொல்லைதான்.

மூன்றாம் நாள் இரவு மழை பெய்து மின்சாரம் போனது. திண்ணையில் உட்கார்ந்திருந்த அம்மா, காற்றின் இரைச்சலைக் கேட்டதும் 1977 நவம்பர் 12 அன்று நாகப்பட்டினத்தைத் தாக்கிய புயலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. கூரை பறந்துபோன பிறகு தாத்தா பிள்ளைகளையெல்லாம் ஒரே கயிற்றில் தம் இடுப்போடு பிணைத்துக்கொண்டு, இடுப்பளவு நீரில் அரிசி ஆலைக்கு நடத்திச் சென்றதையும், விடிந்த பிறகு பாட்டி ஒவ்வொரு பிள்ளையின் தலையையும் தொட்டுத் தொட்டு எண்ணியதையும், இடையில் ஒருமுறைகூட நிறுத்தாமல் சொன்னார். நாற்பத்தாறு வயதில்தான் இதை நான் முதன்முறையாகக் கேட்கிறேன்.

அப்பா இறந்த பிறகு அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டார் என்றுதான் இத்தனை ஆண்டுகளாக நம்பியிருந்தேன். "சோறு ஆயிடுச்சு", "கேஸ்காரர் வந்தாரு" என்பதற்கு மேல் அவரிடமிருந்து எதுவும் வருவதில்லை. ஏன் இதையெல்லாம் முன்பே சொல்லவில்லை என்று அன்று கேட்டேன். "நீ அதப் பாத்துக்கிட்டே இருப்ப தம்பி. சுருக்கமாச் சொன்னாத்தான் உன் காதுல விழும்" என்றார். அவர் குரலில் குறையோ கோபமோ இல்லை. அதுதான் என்னை அதிகம் வருத்தியது. திரையிலிருந்து நான் ஒருமுறை தலைநிமிர்ந்து மறுபடி குனிவதற்குள் எத்தனை சொற்கள் அடங்குமோ, அத்தனை சொற்களுக்குள் பேச அவர் தம்மைப் பழக்கிக்கொண்டிருக்கிறார். வீட்டில் அமைதி நிலவுவதாக நான் எண்ணியிருந்த காலமெல்லாம், அவர் சொல்ல நினைத்ததைச் சொல்லாமல் விழுங்கிய காலமாக இருந்திருக்கிறது.

எஞ்சிய நான்கு மாலைகளிலும் அவர் பேசினார், நான் கேட்டேன். சில கதைகள் இருமுறை வந்தன. இரண்டாம் முறை வந்தபோது, முதல் முறை விடுபட்ட ஓர் ஆளோ ஊரோ கூடுதலாக வந்தது.

எட்டாம் நாள் காலையில் கைபேசியை இயக்கியபோது நானூறுக்கு மேற்பட்ட செய்திகள் குவிந்திருந்தன. அவற்றுள் எனக்கென்றே எழுதப்பட்டவை மூன்று. அவற்றைப் படித்துக்கொண்டிருக்கையில் காபியுடன் வந்த அம்மா, ஏதோ சொல்ல வாயெடுத்து, என் கையைப் பார்த்ததும், "ஒண்ணுமில்ல, அப்புறம் சொல்றேன்" என்று திரும்பினார். கைபேசியை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு, அவர் பின்னாலேயே அடுப்படிக்குப் போனேன்.