பெருக்கலும் வகுத்தலும்: நாலாம் வகுப்பு ஒர்க்‌ஷீட்

இதுல மொத்தம் 6 கணக்குதான். அவசரமே இல்ல, முழு பீரியடும் உனக்குத்தான். ஒவ்வொரு கணக்குக்கும் கீழ ஒரு பெரிய பெட்டி இருக்கு, 17 கட்டம் அகலம், 10 கட்டம் உயரம். ஒரு கட்டத்துல ஒரே ஒரு எண் எழுது. ஸ்டெப் எல்லாத்தையும் அந்தப் பெட்டிக்குள்ளயே போடு, ஓரத்துலயோ வேற பேப்பர்லயோ போட வேண்டாம். தப்பாயிடுச்சுன்னா அழிக்காத, ஒரு கோடு போட்டு அடிச்சுட்டு பக்கத்துலயே திரும்ப எழுது, நீ எப்படி யோசிச்சன்னு எனக்குத் தெரியணும். பெட்டில இடம் மிச்சமாச்சுன்னா மிச்சமாவே இருக்கட்டும்.

முதல்ல நான் செஞ்ச கணக்கைப் பாரு:

```
    236
  ×  14
  -----
    944
   2360
  -----
   3304
```

944 எப்படி வந்துச்சுன்னா 236ஐ ஒன்றாம் இடத்துல இருக்குற 4ஆல பெருக்குனேன். அடுத்து இருக்குற 1 பத்தாம் இடத்துல இருக்கு, அதனால அது 1 இல்ல 10, அதான் 2360னு முடியுற இடத்துல 0 வந்திருக்கு. ரெண்டையும் கூட்டுனா 3304.

கணக்கு 1. பெருக்கு: 143 × 12
பெட்டியோட இடது ஓரத்துல மூணு வரிக்கு நேரா சின்னதா "143 × 2", "143 × 10", "கூட்டு"ன்னு அடிச்சிருக்கு. அந்தந்த வரில அந்தந்த விடைய எழுது.

கணக்கு 2. பெருக்கு: 257 × 36
இந்தத் தடவ பெட்டில எதுவும் அடிக்கல, ஸ்டெப்ப நீயே போடு. மேல ஏத்துற எண்ண எழுதத்தான் 257க்கு மேல ஒரு வரிய காலியா விட்டிருக்கு, அங்க சின்னதா எழுதிக்கோ.

கணக்கு 3. வகு: 947 ÷ 4
பெட்டிக்கு நடுவுல ஒரு கோடு இருக்கு. இடது பக்கம் வகுத்தல் போடு. வலது பக்கம், வந்த ஈவை 4ஆல பெருக்கி மீதியக் கூட்டு. திரும்ப 947 வருதான்னு பாரு.

கணக்கு 4. ஒரு அலமாரில 8 தட்டு. ஒரு தட்டுல 24 புத்தகம். இதே மாதிரி 5 அலமாரி இருக்கு. மொத்தம் எத்தன புத்தகம்?
இடது பாதில ஒரு அலமாரிக்கு எத்தனன்னு கண்டுபிடி, வலது பாதில 5 அலமாரிக்கும் கண்டுபிடி. விடைய ஒரு முழு வாக்கியமா கடைசி வரில எழுது.

கணக்கு 5. 275 பிள்ளைங்க உக்காரணும். ஒரு பெஞ்சுல 8 பேர்தான் உக்கார முடியும். குறைஞ்சது எத்தன பெஞ்சு வேணும்?
வகுத்து முடிச்சதும் மீதிய ஒரு தடவ பாரு, அந்தப் பிள்ளைங்க எங்க உக்காருவாங்க?

கணக்கு 6. ஒரு பையன் இப்படிப் போட்டிருக்கான், விடை தப்பு:

```
    208
  ×  23
  -----
    624
    416
  -----
   1040
```

எந்த வரில தப்பு? அந்த வரியச் சுத்தி வட்டம் போடு. ஏன் தப்புன்னு ஒரு வரில எழுது. அப்புறம் கீழ இருக்குற பெட்டில சரியாப் போடு.

டீச்சருக்கு: ஏ4 தாள் ரெண்டு, முன்னும் பின்னும். முதல் பக்கம் செஞ்சு காட்டுன கணக்கு, மத்த மூணு பக்கத்துலயும் பக்கத்துக்கு ரெண்டு கணக்கு. கட்டம் ஒவ்வொண்ணும் 1 செமீ, அதனால பிரிண்ட் எடுக்குறப்ப Actual size வையுங்க, பேப்பர் மிச்சம் பண்றேன்னு ரெண்டு பக்கத்த ஒரே பக்கமாச் சுருக்கிட்டா கட்டம் சுருங்கி, பத்தாம் இடத்து எண் ஒன்றாம் இடத்துக்குக் கீழ போய் நிக்கும், பெருக்கத் தெரிஞ்ச பிள்ளைக்கும் கூட்டும்போது விடை தப்பா வரும். பெட்டி பத்தாத பிள்ளைக்கு கட்டம் போட்ட தாள் ஒண்ணு கூடக் குடுங்க, சுருக்கி எழுதச் சொல்லாதீங்க. ஸ்டெப்புக்கு 3 மார்க், விடைக்கு 1.

விடை: 1) 1716, 2) 9252, 3) ஈவு 236 மீதி 3, 4) 960 புத்தகம், 5) 35 பெஞ்சு, 6) 416 வரில தப்பு, 20ஆல பெருக்கணும்கறதால அது 4160, சரியான விடை 4784. அஞ்சாவதுல 34னு எழுதுன பிள்ளைக்கு வகுத்தல் சரியா வந்திருக்குங்க, ஸ்டெப் மார்க்க முழுசாக் குடுத்துட்டு மீதி 3 பேரப் பத்தி மட்டும் கேளுங்க.