பொருள்: புதிய 5 எச்.பி. மோட்டார் சில வாரங்களிலேயே அதிகம் சூடாவது, மாற்று மோட்டார் கோருதல்

விற்பனைப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த மாதம் 4ஆம் தேதி உங்களிடம் வாங்கிய மூன்று பேஸ் 5 எச்.பி. மோட்டாரை எங்கள் பட்டறையின் லேத்தில் மாட்டினோம். முதல் இரண்டு வாரம் குறை இல்லை. அப்புறம் வேலை தொடங்கிய அரை மணிக்குள் கை வைக்க முடியாத சூடு. இப்போது வார்னிஷ் கருகும் வாசனையும் வருகிறது, ஓவர்லோட் ரிலேவும் அடிக்கடி டிரிப் ஆகிறது.

போனில் பேசியபோது உங்கள் சர்வீஸ் பிரிவில் இரண்டு காரணம் சொன்னார்கள்: லோடு அதிகம், இல்லையென்றால் வோல்டேஜ் சரியில்லை. இரண்டையும் பார்த்துவிட்டோம். மூன்று பேஸுக்கும் இடையே 412, 414, 411 வோல்ட் இருக்கிறது. லோடைப் பொறுத்தவரை, பெல்ட்டையே கழற்றிவிட்டு மோட்டாரைச் சும்மா ஓடவிட்டோம். அப்போதும் சூடேறியது. டாங் டெஸ்டரில் 3.3, 3.9, 5.1 ஆம்பியர் காட்டியது. லோடே இல்லாதபோது ஒரு பேஸ் மட்டும் இவ்வளவு இழுக்கக் கூடாது என்பது உங்களுக்கே தெரியும்.

கோளாறு லைனிலா மோட்டாரிலா என்று முடிவாகத் தெரிய, மூன்று ஒயர்களையும் ஒவ்வொரு இடம் தள்ளி மாட்டிப் பார்த்தோம். சுற்றும் திசை மாறவில்லை. லைனில் குறை இருந்தால் அதிக ஆம்பியர் அதே ஒயரில்தான் நின்றிருக்கும். ஆனால் அது மோட்டாரின் அதே டெர்மினலோடு ஒட்டிக்கொண்டது. மின்சாரத்தை நிறுத்தி, மோட்டாரை ஆறவிட்டு, ஒயர்களைக் கழற்றி அளந்ததில் டெர்மினல்களுக்கு இடையே 2.6, 2.6, 2.4 ஓம் வந்தது. காயிலுக்குள் சில சுற்றுகள் ஷார்ட் ஆகியிருக்கின்றன என்பதே எங்கள் கணிப்பு. இணைப்பு நேம்பிளேட்டில் உள்ளபடி டெல்டாதான். பின்பக்க மின்விசிறியும் நன்றாக ஓடுகிறது, காற்றுப் போகும் வழியில் அடைப்பு எதுவும் இல்லை.

ரிலே செட்டிங்கைக் கூட்டி வைக்கலாம் என்றும் உங்கள் தரப்பில் சொன்னார்கள். அது காவல்காரன் வாயைக் கட்டுவது போல, செய்ய மாட்டோம். நேம்பிளேட்டில் உள்ள 7.5 ஆம்பியரிலேயே வைத்திருக்கிறோம். இதே லேத்தில், இதே லோடில், பழைய மோட்டார் பல வருடம் ஓடியது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

எங்களுக்கு வேண்டியது மாற்று மோட்டார். ரீவைண்டிங் செய்து தருவதாகச் சொன்னால் ஏற்க மாட்டோம். வாங்கி இரண்டு மாதம்கூட ஆகாத மோட்டாரை ரீவைண்ட் செய்து வாங்கிக்கொள்வதில் நியாயம் இல்லை. டெர்மினல் பாக்ஸைத் தவிர வேறு எதையும் நாங்கள் திறக்கவில்லை. வேண்டுமானால் உங்கள் ஆளை அனுப்புங்கள், அவர் முன்னிலையில் இதே சோதனைகளைச் செய்து காட்டுகிறோம். வரும் வெள்ளிக்கிழமைக்குள் எப்போது வருவார் என்று தெரிவியுங்கள். அதுவரை மோட்டாரை ஓட்டப் போவதில்லை, லேத்தும் நிற்கிறது.

பில் நகல், வாரண்டி அட்டை, நேம்பிளேட்டின் படம், அளவுகள் எடுத்த தாள் ஆகியவற்றை இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்