ஐந்து கணினிகளும் நான்கு வன்தட்டுகளும்: காப்பு நகல் திட்டங்களின் ஒப்பீடு

எங்கள் வீட்டில் மொத்தம் ஐந்து கணினிகள் இருக்கின்றன. அண்ணனின் மேசைக் கணினியில் மட்டும், அதனுடன் எப்போதும் இணைந்திருக்கும் இரண்டு வெளி வன்தட்டுகளையும் சேர்த்து, 3.2 டெராபைட் அளவுக்குப் படங்களும் காணொளிகளும் உள்ளன. மற்ற நான்கும் மடிக்கணினிகள். அவை எல்லாவற்றிலும் சேர்த்து 700 ஜிகாபைட்டைத் தாண்டாது. இவை தவிர, "2009 திருமணம்" என்றும் "அப்பா ஸ்கேன்" என்றும் ஸ்டிக்கர் ஒட்டிய இரண்டு வெளி வன்தட்டுகள், பழைய வேட்டித் துணியில் சுற்றப்பட்டு, பீரோவின் மேல்தட்டில் இருக்கின்றன. அவற்றில் உள்ள 1.5 டெராபைட்டுக்கு அப்போது வேறு நகல் எங்குமே இருக்கவில்லை. கணினிக் கோப்புகளை இணையம் வழியாக நகலெடுத்துக் காக்கும் பேக்பிளேஸ், ஐடிரைவ், கார்பனைட் ஆகிய மூன்று சேவைகளின் திட்டங்களையும் இந்த வீட்டுக் கணக்கை வைத்தே ஒப்பிட்டேன்.

விளம்பரங்கள் முன்னிறுத்துவது கொள்ளளவையும் விலையையும்தான். ஆனால் அழிக்கப்பட்ட கோப்பு சேவையகத்தில் எத்தனை நாள் காக்கப்படும், வெளி வன்தட்டுகள் சேர்க்கப்படுமா, ஒரு சந்தாவில் எத்தனை கணினிகளுக்கு இடம் என்ற மூன்று கேள்விகளுமே பயனைத் தீர்மானிக்கின்றன. இவற்றைத் தனித்தனியாகப் பார்த்தால் ஏமாறுவோம், ஏனென்றால் முதல் கேள்விக்கான விடைதான் இரண்டாவதின் மதிப்பை முடிவு செய்கிறது. கழற்றி வைக்கப்பட்ட வன்தட்டை, அதில் இருந்தவை அழிந்துவிட்டதாகவே சில சேவைகள் கணக்கிடுகின்றன.

காக்கும் காலம் என்பது எவ்வளவு கடுமையான விதி என்பதை என் அக்காவின் ஆய்வேட்டில் கற்றுக்கொண்டோம். ஒரு கோப்புறையை ஒழுங்குபடுத்தும்போது மூன்றாம் இயலின் கோப்பு தவறுதலாக அழிந்திருக்கிறது. நாற்பத்து மூன்றாம் நாள் அதைத் தேடியபோது, அப்போது பயன்படுத்திய சேவை முப்பது நாள் மட்டுமே அழிந்த கோப்புகளைக் காக்கும் என்பது தெரியவந்தது. நகல் எடுத்தது உண்மை. அதை உரிய நேரத்தில் நீக்கியதும் உண்மை. வன்தட்டு பழுதானால் அன்றே தெரிந்துவிடும், ஆனால் கைதவறி அழிந்த கோப்பு நமக்குத் தேவைப்படும் நாளில்தான் தெரியும். ஆகவே முப்பது நாள் என்பது எங்களைப் போன்றவர்களுக்குப் போதாது என்பதே என் உறுதியான கருத்து. கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியும் முப்பது நாளில் காலியாகிவிடுகிறது. ஓரிடத்தில் அழித்ததை மற்ற இடங்களிலும் அழித்துவிடும் ஒத்திசைவு வேறு, காப்பு நகல் வேறு என்பதை வீட்டில் எல்லோருக்கும் விளக்க வேண்டியிருந்தது.

கார்பனைட்டை விரைவிலேயே ஒதுக்கிவிட்டேன். அதன் அடிப்படைத் திட்டம் வெளி வன்தட்டைச் சேர்த்துக்கொள்வதில்லை, அந்த வசதி அடுத்த படித் திட்டத்தில்தான் வருகிறது. அழிக்கப்பட்ட கோப்பு முப்பது நாளே இருக்கும். ஒரு சந்தா ஒரு கணினிக்கு மட்டும். ஒரே கணினி வைத்து, வெளி வன்தட்டே பயன்படுத்தாதவருக்கு அது போதுமானதாக இருக்கலாம்.

பேக்பிளேஸின் பலம், கொள்ளளவுக்கு வரம்பே இல்லாதது. ஒரு கணினிக்கு ஒரு சந்தா, அந்தக் கணினியில் யுஎஸ்பி வழியாக இணைக்கப்படும் வன்தட்டுகள் எத்தனை இருந்தாலும் அதற்குள்ளேயே அடங்கும். வலையமைப்பு வழியாக இணைக்கப்படும் சேமிப்புப் பெட்டி மட்டும் அடங்காது. 2023 அக்டோபரில் ஆண்டுச் சந்தா 99 டாலராக உயர்ந்தபோது, முன்பு கூடுதல் கட்டணத்தில் கிடைத்த ஓராண்டுப் பதிப்பு வரலாறு சந்தாவுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது. அதன்படி, அழிந்த கோப்பையும் மாற்றப்பட்ட கோப்பின் முந்தைய வடிவத்தையும் ஓராண்டு வரை மீட்கலாம். பழைய முப்பது நாள் அமைப்பில் இருந்தால், வெளி வன்தட்டை முப்பது நாளுக்கு ஒருமுறையாவது இணைக்க வேண்டும், இல்லையேல் அதன் நகல் நீக்கப்படும். ஓராண்டு அமைப்பில் அந்தக் கெடு ஓராண்டாக நீள்கிறது. எனவே ஏற்கெனவே சந்தாதாரராக இருப்பவர்கள் தம் கணக்கில் எந்த அமைப்பு இயங்குகிறது என்பதை முதலில் பார்ப்பது நல்லது. இணைத்தவுடன் கழற்றிவிடவும் கூடாது: மென்பொருள் வன்தட்டை முழுவதும் சரிபார்த்து முடிக்கும் வரை, அதாவது சில மணி நேரமாவது, அது இணைந்திருக்க வேண்டும். அந்த 99 டாலர் விலையில் ஐந்து கணினிகளுக்கும் இதையே எடுத்தால் ஆண்டுக்கு 495 டாலர் ஆகிறது. சில நூறு ஜிகாபைட் மட்டுமே உள்ள மடிக்கணினிக்கும் வரம்பற்ற சேமிப்புக்கான அதே விலையைக் கொடுப்பது வீண் செலவு.

ஐடிரைவ் இதற்கு நேர்மாறானது. கொள்ளளவுக்கு வரம்பு உண்டு, கணினிகளின் எண்ணிக்கைக்கு இல்லை. 5 டெராபைட் தனிநபர் திட்டத்தில் ஒரே கணக்கின்கீழ் எத்தனை கணினிகளையும் கைப்பேசிகளையும் சேர்க்கலாம். வெளி வன்தட்டுகளோடு வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகளையும் அது ஏற்றுக்கொள்கிறது. ஒரு கோப்பின் முப்பது பதிப்புகள் வரை வைத்திருக்கும். எல்லாவற்றிலும் முக்கியமானது, கணினியில் அழிக்கப்பட்ட கோப்பு, நாமே துப்புரவுக் கட்டளை கொடுத்து நீக்காத வரை கணக்கிலேயே தங்கிவிடுவது. பீரோவில் உறங்கும் வன்தட்டுக்கு இதைவிடப் பொருத்தமான விதி இல்லை. அக்காவின் மூன்றாம் இயலும் இந்த விதியின்கீழ் பிழைத்திருக்கும்.

இந்தத் தாராளத்துக்கு விலையும் உண்டு. எதுவும் தானாக நீங்காததால், கோப்புறைகளின் பெயரை மாற்றும்போதும் இடம் மாற்றும்போதும் பழைய நகல் அப்படியே இருக்க, புதியது மேலும் ஏறி, கொள்ளளவு மெல்ல நிறைந்துவிடும். அளவைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் விழும். முதல் ஆண்டுத் தள்ளுபடி விலையைப் பார்த்து முடிவெடுக்காமல், புதுப்பிக்கும்போது கட்ட வேண்டிய தொகையைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும். ஒரே கணக்கு என்பதால், அந்தக் கடவுச்சொல் தெரிந்தவர் வீட்டில் உள்ள அனைவரின் கோப்புகளையும் பார்க்க முடியும் என்பதையும் முன்பே பேசித் தெளிவது நல்லது.

எங்கள் மொத்தக் கணக்கு 3.2, 0.7, 1.5 என்று கூட்டினால் 5.4 டெராபைட். ஐடிரைவின் 5 டெராபைட் திட்டம் ஒன்றிலேயே எல்லாவற்றையும் போட இடமில்லை. ஆகவே இரண்டாகப் பிரித்தோம். அண்ணனின் கணினியும் அதனுடன் எப்போதும் இணைந்திருக்கும் இரு வன்தட்டுகளும் பேக்பிளேஸுக்குச் சென்றன, ஏனென்றால் அளவு பெரியது, ஆண்டுதோறும் வளர்வது, கழற்றப்படாதது. நான்கு மடிக்கணினிகளும் பீரோவின் இரு வன்தட்டுகளும் ஐடிரைவுக்கு, அது 2.2 டெராபைட்டில் அடங்கியது, இன்னும் பாதிக்கு மேல் இடம் இருக்கிறது.

முதல் பதிவேற்றத்துக்குப் பொறுமை வேண்டும். எங்கள் இணைப்பின் பதிவேற்ற வேகம் நொடிக்கு 20 மெகாபிட். அதே வேகம் இடைவிடாமல் கிடைத்தால்கூட 1.5 டெராபைட் ஏற ஏழு நாள் ஆகும் என்று கணக்கிட்டிருந்தேன். மின்தடையும் இணைப்பு அறுபடுவதும் சேர்ந்து பதினொன்றாம் நாள் இரவில்தான் முடிந்தது. மறுநாள் காலை "அப்பா ஸ்கேன்" வன்தட்டிலிருந்து ஒரு நிலப் பத்திரத்தின் படத்தை அக்காவின் மடிக்கணினியில் மீட்டுத் திறந்து, முத்திரையும் கையொப்பமும் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்த்தோம், தெளிவாக இருந்தன.

கோப்புகளைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் குறியாக்கத்துக்கு நாமே சொந்தச் சாவி, அதாவது ஒரு கடவுச்சொல், அமைத்தால், அது தொலைந்த பின் எந்த நிறுவனத்தாலும் கோப்புகளைத் திறந்து தர முடியாது. எங்கள் சாவியைத் தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டோம். பீரோ வன்தட்டுகள் இரண்டும் படிக்கும் நிலையில் இருக்கின்றனவா என்று பார்க்க, பொங்கலுக்கு அடுத்த ஞாயிறும் ஆடிப்பெருக்கும் என ஆண்டுக்கு இரண்டு நாட்கள் குறித்திருக்கிறோம். அந்த நாட்களில் காலையில் இணைத்து, மாலை விளக்கேற்றும் நேரத்தில்தான் கழற்றுகிறோம்.