அளவைச் சொல்லி வாங்குங்க: காட்டன் குர்திக்கான விளம்பர வீடியோ ஸ்கிரிப்ட்

மூன்று, மூன்றரை நிமிட வீடியோ. போனை நிமிர்த்திப் பிடித்தே எடுக்கிறோம். ஜன்னல் வெளிச்சம் போதும். ஃபில்டர் வேண்டவே வேண்டாம். அதைப் போட்டால் துணியின் நிறம் மாறிவிடும், பார்சலைப் பிரித்ததும் அதுவே முதல் புகாராக வரும். பேசுவது நான். நடிப்பது அண்ணி. தையல் பகுதிக்கு நம் டெய்லர் அக்கா.

காட்சி 1: கண்ணாடி முன்னால்

(அண்ணி பார்சலைப் பிரித்து, குர்தியைத் தலை வழியாகப் போடுகிறார். தோளில் சிக்கிக்கொள்கிறது. இரண்டு கையும் மேலே, முகம் துணிக்குள். மியூசிக் இல்லை, துணி உரசும் சத்தம் மட்டும்.)

அண்ணி (துணிக்குள்ளிருந்து): எல் தானே ஆர்டர் போட்டேன்! எப்பவும் எல் தானே வாங்குவேன்!

(திரையில்: எல்னா எத்தனை இஞ்ச்?)

நான் (உள்ளே வந்து, கேமராவைப் பார்த்து): உங்களுக்கும் இப்படி ஆகியிருக்கா? எனக்கு ஆகியிருக்கு. ஒரு ஃபங்ஷனுக்குன்னு ஆசையா ஒரு டாப் வாங்கினேன். கை தூக்கினா அக்குள்ல பிடிக்குது. மாத்தித் தாங்கன்னு கேட்டா, "சைஸ் சார்ட் பார்த்துத்தானே வாங்கினீங்க"ன்னாங்க. அந்த சார்ட்ல இருந்தது உடம்பு அளவா, துணி அளவான்னு எங்கயுமே போடல. கடைசியில அது பீரோவுலயே கிடந்துச்சு. ஒரு தடவைகூட போடல.

எம், எல், எக்ஸ்எல்ங்கறது வெறும் எழுத்து. ஒருத்தர் எல்னு விக்கிறதை இன்னொருத்தர் எக்ஸ்எல்னு விப்பாங்க. இஞ்ச் டேப் மட்டும்தான் எல்லாருக்கும் ஒண்ணு. அதனால நான் எழுத்தை நம்பி விக்கறதில்ல. அளந்து காட்டித்தான் விக்கறேன். வாங்க, காட்டறேன்.

காட்சி 2: மேஜை மேல், நேர் மேலிருந்து

(குர்தியைச் சுருக்கம் இல்லாமல் விரிக்கிறேன். டேப்பின் எண்கள் தெளிவாகத் தெரியும்வரை போனைக் கிட்டக் கொண்டு போகவும். இந்த ஷாட்டில் கட் கூடாது. கட் பண்ணினால் நம்ப மாட்டார்கள், நானாக இருந்தாலும் நம்ப மாட்டேன்.)

நான்: இது நம்ம எல் சைஸ். இந்த அக்குள்லேர்ந்து அந்த அக்குள் வரைக்கும் 20 இஞ்ச். முன்பக்கம், பின்பக்கம் சேர்த்தா சுத்தளவு 40. உங்க நெஞ்சளவு 36 இல்ல 37 இருந்தா இது சரியா இருக்கும். மூணு, நாலு இஞ்ச் லூஸ் இருந்தாத்தான் கை தூக்கலாம், குனியலாம், உக்கார்ந்தா இழுக்காது. தோள்லேர்ந்து கீழ வரைக்கும் 44 இஞ்ச்.

வீட்ல டேப் இருக்கா? உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச, கச்சிதமா உக்கார்ற டாப் ஒண்ணு இருக்கும்ல? உடம்பை அளக்க வேண்டாம். அந்த டாப்பை இதே மாதிரி விரிச்சுப் போட்டு அளந்து எங்களுக்கு அனுப்புங்க.

காட்சி 3: வாளி, தண்ணீர், இரண்டு துண்டுத் துணி

(முந்தின நாளே ஒவ்வொரு துண்டிலும் 20 இஞ்ச் சதுரம் பேனாவால் கோடு போட்டு, துவைத்து, காயவைத்து வைத்திருக்க வேண்டும். கோடு போடுவதையும் வீடியோ எடுத்து, இங்கே முதலில் சேர்க்கவும். டேப் என்ன காட்டுகிறதோ அதையே சொல்லப் போகிறேன். ஒத்திகையில் முதல் துண்டு 19 வந்தது.)

நான்: அடுத்த பிரச்சினை உங்களுக்கே தெரியும். முதல் தடவை நல்லாத்தான் இருக்கும். துவைச்சா குட்டையாயிடும்.

நெய்யும்போதும் சாயம் போட்டு முடிக்கும்போதும் காட்டன் நூலை இழுத்துப் பிடிச்சே வச்சிருப்பாங்க. தண்ணியில நனைஞ்சதும் அந்த இழுவை விட்டுப்போயி, துணி சுருங்கிடும். இது தண்ணி காட்டாத துணி. நீளத்துல 20 இஞ்ச் கோடு போட்டேன், இப்ப 19. ஒரு இஞ்ச் தானேன்னு தோணும். 44 இஞ்ச் குர்தியில இதே கணக்குப் போட்டா ரெண்டு இஞ்சுக்கு மேல போயிடும். முட்டிக்குக் கீழ இருந்தது முட்டிக்கு மேல வந்துடும்.

(இரண்டாவது துண்டு. டேப்பை வைத்து, இரண்டு விநாடி பேசாமல் காட்டவும்.)

இது நம்ம துணி. வெட்டறதுக்கு முன்னாடியே நனைச்சு, காயவச்சு, அப்புறம்தான் கத்தரி வைக்கறோம். சுருங்க வேண்டியது இங்கயே சுருங்கிடுச்சு. 20 போட்டேன், 20 தான் இருக்கு.

(வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து மெரூன் துணியில் பத்து முறை அழுத்தித் தேய்த்துக் காட்டுகிறேன். பிறகு கருநீலத்தில்.)

மெரூன்ல சாயம் ஒட்டல, பாருங்க. கருநீலத்துல லேசா ஒட்டுது. அதை மறைக்க விரும்பல. கருநீலம் வாங்கறவங்க முதல் ரெண்டு தடவை தனியா துவைங்க, வெள்ளைத் துணியோட சேர்க்காதீங்க. பார்சல்லயும் இதை எழுதி வச்சுத்தான் அனுப்பறோம்.

காட்சி 4: தையல் மெஷின் பக்கத்தில்

(டெய்லர் அக்கா குர்தியை உள்பக்கம் திருப்பிப் பக்கத் தையலை விரலால் விரிக்கிறார். அவர் கைதான் ஃபிரேமை நிறைக்க வேண்டும்.)

நான்: அக்கா, உள்ள எவ்வளவு துணி விட்டிருக்கீங்க?

டெய்லர் அக்கா: ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்ச் விட்டிருக்கேம்மா. நாளைக்கு கொஞ்சம் உடம்பு போட்டாலும் தூக்கிப் போட வேண்டாம். அரை இஞ்ச் பிரிச்சுத் தைச்சா சுத்தளவுல ரெண்டு இஞ்ச் கிடைக்கும். எந்த டெய்லர்கிட்ட குடுத்தாலும் செஞ்சு தருவாங்க.

(இதற்கு மேல் அவரைப் பேச வைக்க வேண்டாம். இந்த நாலு வரியை அவர் சொல்லும்போது இருக்கிற தெளிவு எனக்கு வராது.)

காட்சி 5: ஆஃபர்

(நாலு குர்தியும் ஹேங்கரில். அண்ணி மெரூன் குர்தி போட்டு, இரண்டு கையையும் மேலே தூக்கிக் காட்டுகிறார், முதல் காட்சியில் சிக்கிய அதே மாதிரி. இந்த முறை எங்கும் இழுக்கவில்லை.)

நான்: மெரூன், கருநீலம், மஞ்சள், இலைப்பச்சை. நாலு கலர். எம்லேர்ந்து 3எக்ஸ்எல் வரைக்கும் அஞ்சு சைஸ். ஒவ்வொண்ணுலயும் மூணு மூணுதான் தைச்சிருக்கோம், மொத்தம் 60 குர்தி.

ரெண்டு குர்தி வாங்கினா, மூணாவது பாதி விலைக்கு. எந்தக் கலரும் எடுக்கலாம், மூணும் வேற வேற சைஸா இருக்கலாம், அம்மாவுக்கு ஒண்ணு, தங்கச்சிக்கு ஒண்ணுன்னு. இந்த ஞாயித்துக்கிழமை ராத்திரி 9 மணி வரைக்கும். விலை ஒவ்வொரு போட்டோவுக்குக் கீழயும் போட்டிருக்கு, இன்பாக்ஸ்ல வந்து கேட்க வேண்டியதில்ல.

போட்டுப் பார்த்து அளவு சேரலையா? பார்சல் வந்த 7 நாளுக்குள்ள சொல்லுங்க. துவைக்காம, டேக் எடுக்காம அனுப்பினா வேற சைஸ் அனுப்பி வைப்போம். போக, வர ரெண்டு கூரியர் செலவும் எங்களோடது. உங்க சைஸ் தீர்ந்துபோயிருந்தா, குடுத்த பணத்தை முழுசா திருப்பி அனுப்பிடுவோம்.

(திரையில் பெரிய எழுத்தில்: 2 வாங்கினால் 3-வது பாதி விலை. ஞாயிறு இரவு 9 வரை. சைஸ் மாற்ற 7 நாள், கூரியர் எங்கள் செலவு.)

நான்: இப்ப செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. "அளவு"ன்னு மெசேஜ் போட்டு, உங்க டாப்போட நெஞ்சளவையும் நீளத்தையும் எழுதுங்க. எந்த சைஸ்னு நானே பதில் போடறேன். நம்மகிட்ட இருக்கற எதுவும் உங்களுக்குச் சேராதுன்னா, வாங்க வேண்டாம்னும் நானே சொல்லிடறேன்.

(அண்ணி டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, போனை எடுத்து "அளவு" என்று டைப் செய்வது கிட்டத்தில். அனுப்பும் பட்டனை அழுத்தியதும் கட்.)